அகலக் கணக்கு

ஓமந்தையில் தைத்துப் பிழைக்கும் பெண்கள் நால்வர் நாம். சில்லறைக் கடையில் துணி வாங்கிய காலத்தில் எமது கூலியின் பெரும்பகுதியைக் கடைக்காரரின் இலாபமே விழுங்கிற்று. ஆகவே இரவுப் பேருந்தேறி, கொழும்பு புறக்கோட்டையின் கெய்சர் வீதிக்குச் செல்லலானோம். போர்க்காலத்தில் எம்மூர்ச் சோதனைச்சாவடியில் அவிழாத பொதியில்லை. இன்று அந்தத் தொல்லையில்லை.

மொத்தக் கடையில் மலிவு வேண்டுமாயின் முழுக்கட்டாக எடுக்கவேண்டும். தனியொருத்திக்கு அது இயலாது. பேருந்துக் கூலியே மிச்சத்தைத் தின்றுவிடும். நால்வர் பகிர்ந்தால் கட்டுப்படியாகும்.

முதற்பயணத்தில் ஏமாந்தோம். மீற்றர் 420 ரூபாத் துணியை விட்டு, 300 ரூபாத் துணியை மலிவென்று சுமந்து வந்தோம். வெட்டும்போதுதான் விளங்கிற்று: விட்டு வந்ததன் அகலம் 58 அங்குலம், எடுத்து வந்தது 36. அகலத்தின் ஓர் அங்குலத்துக்குக் கணக்கிட்டால் முன்னது 7 ரூபா 24 சதம், எம்முடையது 8 ரூபா 33 சதம். விலை குறைந்ததே விலை கூடியது!

இப்போது அளவுநாடா இன்றிப் புறப்படுவதில்லை. கட்டை உள்மடிப்புவரை விரித்து வெளிச்சத்தில் பார்க்கிறோம். இழையறுந்த இடம் பெரும்பாலும் உள்ளேதான் ஒளிந்திருக்கும். பருத்தியாயின் ஒரு துண்டை முதலில் வாங்கி, நனைத்து உலர்த்திச் சுருக்கத்தை அளக்கிறோம். தைத்த சட்டைகளில் மட்டும் இன்னும் தோற்கிறோம்: டசின் கட்டில் எல்லா அளவும் கலந்தே வருகின்றன, விற்காத அளவு எம் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது.