65, பிறகு 60: ஒரே வருசத்துக்குள்ள

எங்கட பெரியப்பா அரச எழுதுவினைஞர். 2021 நவம்பரில் வந்த வரவுசெலவுத்திட்டம் அரச ஊழியர்களின் ஓய்வு வயதை 65 ஆக்கியபோது, அவர் வீட்டுக் கடனை ஐந்து வருசத்துக்கு நீட்டிக் கணக்குப் போட்டார். 2022 ஓகஸ்டில் இடைக்கால வரவுசெலவுத்திட்டம் அதைத் திரும்ப 60க்கு இறக்கியது. 60 தாண்டியவர்கள் டிசம்பர் 31உடன் போக வேண்டும். அவருக்கு 61.

முதல்முறை சொன்ன காரணம், ஆயுள் கூடுது, அனுபவம் வீணாகுது என்பது. அதில உண்மை இருக்கு. ஆனா காசுக் கணக்கும் ஒன்று உண்டு. இளைப்பாறுபவருக்கு 24 மாத ஓய்வூதியம் பணிக்கொடையாக ஒரேயடியாகக் கொடுக்க வேண்டும். மாத ஓய்வூதியம் 40,000 ரூபா என்று வையுங்கோ, 960,000 ரூபா. அதைப் பல்லாயிரம் பேருக்கு ஐந்து வருசம் பிற்போட்டால் திறைசேரிக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஆனா அதுவரை முழுச் சம்பளம் கொடுக்க வேணும், அது ஓய்வூதியத்தை விடக் கூட. ஆகவே பிற்போடுறது மட்டும் சேமிப்பு இல்லை. அவர் செய்யும் வேலை உண்மையில் தேவையா என்பதில்தான் லாபநட்டம் இருக்கு.

இரண்டாம்முறை சொன்ன காரணம் இளைஞருக்கு இடம். பட்டம் முடிச்சு வீட்டில இருந்த எனக்கு அது இனிப்பாகத்தான் கேட்டது. பெரியம்மாவோ, "அவர் போற கதிரையில நீ இருக்கப்போறியோ?" என்று கேட்டா. இருக்கவில்லை. அரசு புதிய ஆட்சேர்ப்பை நிறுத்தி வைத்திருந்தது. நாட்டில் வேலைகளின் தொகை நிலையானது, ஒருவர் எழும்பினால் இன்னொருவர் இருக்கலாம் என்ற எண்ணத்தைப் பொருளியலாளர்கள் ஏற்பதில்லை. சம்பளப்பட்டியல் பூட்டப்பட்ட அரச அலுவலகத்திலயோ, அந்தக் கதிரையே சிலவேளை காணாமல் போகும்.

தனியார் துறையில் கதை வேறு. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்துக்கு முன், பல கம்பனிகள் 55 வயதில் அனுப்பின. இப்ப 15 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் 60க்கு முன் வயதைக் காட்டி அனுப்ப ஏலாது. அலுவலக வேலையாளருக்கு இது வெற்றி. ஆனா ஆடைத் தொழிற்சாலையில நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால இருந்த அக்காவுக்கு 60 வரை உடம்பு தாங்குமோ? ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50இலும் ஆண்கள் 55இலும் எடுக்கலாம் என்ற விதி அப்படியே இருக்கு. அவ 50இல அதை எடுத்து வீட்டுக் கூரை போட்டால், 60இல மாதம் மாதம் வர ஒன்றும் இல்லை. அரச ஊழியருக்கு இருக்கும் ஓய்வூதியம் அவவுக்குக் கிடையாது. "வயதைக் கூட்டு" என்று சொல்லும் பொருளியலாளரிடம் நான் கேட்பது இதைத்தான்: யாருடைய வயதை?

பெரியப்பா இப்ப ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு எழுதுறார். கடையில நாலு பேர்தான், அந்தச் சட்டம் அங்க எட்டாது.