சாமி படம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நான்கு சொற்கள்



என்னிடம் படித்து இப்போது ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் போனில் கேட்டாள். "டீச்சர், என் வகுப்பில் சுயமரியாதைக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்காங்க. வீட்டில் சாமி படமே கிடையாது. பாடத்தில் பிரார்த்தனை, வழிபாடு, பாவம், புனிதம்னு வருது. எப்படிச் சொல்றது?" நான் செய்து வந்ததை எழுதுகிறேன்.

எந்தச் சொல்லானாலும் "கடவுளை நம்புகிறவர்கள் இப்படிச் சொல்வார்கள்" என்றுதான் தொடங்குவேன். பிள்ளை தன் வீட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை; நம்புகிற வீட்டுப் பிள்ளைக்கும் மனம் நோகாது.

பிரார்த்தனை என்பது கடவுளோடு பேசுவது. கேட்பது மட்டுமல்ல, நன்றி சொல்வதும் அழுவதும் அதில் உண்டு. வழிபாடு என்பது கடவுளுக்கு மரியாதை செலுத்தும் செயல். கோயிலில் பூசை, தேவாலயத்தில் ஆராதனை, பள்ளிவாசலில் தொழுகை. முஸ்லிம்கள் ஐந்து வேளைத் தொழுகையையும், கையேந்திக் கேட்கும் துஆவையும் வேறு பெயரில் சொல்வதைக் காட்டினால் வேறுபாடு விளங்கிவிடும்.

சிக்கல் 'பாவம்' என்ற சொல்லில்தான். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது "நாய்க்குட்டி பாவம்" மட்டுமே. அதனால் "பாவம் செய்தான்" என்றால் இரக்கப்பட்டான் என்று எழுதுவார்கள். பலகையில் மூன்று சொற்கள் எழுதுவேன். ஏழும் ஐந்தும் பதின்மூன்று என்றால் தவறு. சிவப்பு விளக்கில் நிற்காமல் வண்டி ஓட்டினால் குற்றம், அபராதம் உண்டு. பக்கத்துப் பையனின் பென்சிலை எடுத்துவிட்டாய், யாரும் பார்க்கவில்லை, அவனுக்கே தெரியாது. போலீஸ் வராது. ஆனாலும் கடவுளிடம் கணக்கு இருக்கிறது என்பார் நம்புகிறவர். அதைத்தான் பாவம் என்கிறார்.

ஒரு பையன், "எங்க வீட்ல அதை மனசாட்சி உறுத்தும்னு சொல்வாங்க டீச்சர்" என்றான். "எந்த வீடானாலும் பென்சிலைத் திருப்பிக் கொடுக்கணும். யாருக்குப் பதில் சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்" என்றேன்.

'புனிதம்' என்றால் சுத்தம் என்பார்கள். "கொதிக்க வைத்த குடிநீர் சுத்தமானது, அதைப் புனித நீர் என்போமா? தாத்தாவின் பழைய மூக்குக்கண்ணாடியில் தூசி இருக்கும், ஆனால் அதை வைத்து விளையாட விடுவார்களா?" என்று கேட்பேன். தனியாக ஒதுக்கி வைத்தது என்ற பொருள் அப்போது பிடிபடும். ஆனால் அங்கேயே நிறுத்தக்கூடாது. கண்ணாடிக்கு மதிப்பு தாத்தாவின் நினைவால் வந்தது. புனிதம் கடவுளால் வந்தது என்பது நம்புகிறவர் எண்ணம்.

ஒரு பெண் பிள்ளை எழுந்து, "அப்போ புனிதத்துக்கு எதிர்ச்சொல் தீட்டா?" என்று கேட்டாள். மழுப்பவில்லை. அப்படிச் சொல்லித்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் சில சாதியினரை நடக்கவிடாமல் தடுத்தார்கள், 1924இல் அதை எதிர்த்த போராட்டத்தில் பெரியார் சிறை சென்றார் என்று சொன்னேன். ஓர் இடத்தை மதிப்பது வேறு, அதன் பெயரால் மனிதரை விலக்குவது வேறு. சொல்லின் பொருளைச் சொல்லும்போது, அதை வைத்து நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது வகுப்பெடுக்கும் என் பிள்ளைகளே, உங்களிடம் என்ன கேட்கிறார்கள்? கீழே எழுதுங்கள்.