நிலக்கரியும் ஊசியும்

இலண்டனிலிருந்து வந்த மாமா, அட்டனிலுள்ள எம் வீட்டுக்குத் தேயிலைப் பொதியொன்றைக் கொண்டுவந்தார். 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுசெல்வதா?' என ஆங்கில வழக்கொன்றைக் கூறி நகைத்தேன். பொருள் வினவிய அம்மாவுக்கு, 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல' என விளக்கினேன். அம்மாவின் முகம் வாடியது. "அன்போடு கொண்டுவந்தவன் எவரிடம் விலை பேசினான்?" என்றார்.

என் விளக்கத்தின் குறை அப்போதே புலனாயிற்று. டைன் ஆற்றங்கரையிலுள்ள நியூகாசில், முற்காலத்தில் இலண்டனுக்கு நிலக்கரி அனுப்பிய துறைமுகம். அங்கே நிலக்கரி கொண்டுசெல்வது வீண்வேலை, அவ்வளவே. கொல்லனோ ஊசியைத் தானே ஆக்குபவன். அவன் தெருவில் அதனை விற்க வருபவன், வல்லுநர்க்கே வித்தை காட்ட முனைபவன். மிகுந்துள்ள இடத்துக்கே ஒன்றைக் கொண்டுசெல்லல் என்ற அளவில் இரு மொழிகளும் ஒன்றுபடும்; ஏளனத்தில் வேறுபடும்.

அன்று தொட்டு, இணையான பழமொழி கிட்டியதும் ஒரு வினாவை எழுப்பிக்கொள்கிறேன்: இங்கு நகைக்கப்படுவது செயலா, செய்தவனா? புலவர் அவையில் கற்றுக்குட்டி இலக்கணம் போதிப்பின் கொல்லன் தெரு பொருந்தும். மாமாவின் பொதிக்கு, 'தேயிலை விளையும் மலைக்கே தேயிலையா?' என்ற நேர்மொழியே போதுமானதாயிருந்தது.