பேருந்து வருவதற்குள்

தெருமுனைப் பிரச்சாரம் என்பது தமிழக முஸ்லிம்களுக்குப் புதிய சொல் அன்று. அரசியல் கட்சிகளின் தெருமுனைக் கூட்டத்தைப் பார்த்து நம் அமைப்புகளும் கைக்கொண்ட வழக்கம் அது. அஸருக்குப் பின்னோ மஃரிபுக்குப் பின்னோ ஒரு முச்சந்தியில் இரண்டு பெட்டி ஒலிபெருக்கிகளை வைத்து, ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுவார். கேட்பவர்களில் பெரும்பாலோர் பேச்சாளரோடு வந்தவர்கள். அவ்வழியே போனவர் எவரேனும் நின்றாரா, நின்றவர் எதைக் கேட்டுச் சென்றார் என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. பேச்சு நடந்தது என்ற செய்தியும் படமும் போதுமானதாகிவிடுகின்றன. எனக்கு இது எப்போதும் ஒரு குறையாகவே பட்டு வந்திருக்கிறது.

நான் ஏற்காட்டில் மிளகும் காப்பியும் கொள்முதல் செய்பவன். தை முதல் பங்குனி வரை மிளகுப் பருவம். அந்த மாதங்களில் வாரம் இருமுறையேனும் மாரமங்கலம் பக்கம் போய்விடுவேன். அங்குள்ள மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடியிலிருந்து பறித்து, பாயில் காயவைத்து, சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள். சென்ற பருவத்தில் ஜமாஅத்து இளைஞர்கள் என்னிடம் வந்து, மாரமங்கலத்தில் பேருந்து நிற்கும் இடத்தில் சிறிது நேரம் பேச வேண்டும் என்றார்கள். அங்கு என்னை அறியாதவர் குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கு அதுவே தயக்கத்தின் காரணமாகவும் இருந்தது. விலை பேசுகிறவன் அறம் பேச வந்தால், கேட்பவர் கண் முதலில் அவனுடைய தராசின் மேல்தான் போகும்.

ஒப்புக்கொள்வதற்கு முன் ஸஃபா குன்றின் நிகழ்ச்சியை மீண்டும் வாசித்தேன். நெருங்கிய உறவினரை எச்சரிக்குமாறு இறைக்கட்டளை வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அக்குன்றின் மீது ஏறி, ஆபத்து வேளையில் அரபுகள் எழுப்பும் குரலை எழுப்பிக் குறைஷிக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். வர இயலாதவர்கள் ஆளனுப்பினார்கள். மலைக்குப் பின்னால் ஒரு குதிரைப்படை உங்களைத் தாக்க நிற்கிறது என்று நான் சொன்னால் நம்புவீர்களா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. நம்புவோம், உங்களிடம் பொய்யைக் கண்டதில்லை என்று மக்கள் சொன்னார்கள். அதன்பின் சொல்ல வந்ததைச் சொன்னார்கள். அபூலஹப் ஏசினான். புகாரியில் பதிவாகியிருக்கும் இந்நிகழ்ச்சி, பேசிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது.

திறந்தவெளிப் பேச்சுக்கு வேண்டியவை எல்லாம் அதில் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. அழைப்பு, கேட்பவர் அறிந்த ஒலியில் இருந்தது. உவமை, அவர்கள் கண்முன் நின்ற மலையிலிருந்தே எடுக்கப்பட்டது. கேள்வி, அவர்கள் வாயால் விடை சொல்லும்படி அமைந்தது. செய்தி ஒன்றே ஒன்று. பேச்சின் பாரத்தைத் தாங்கியதோ குரலோ சொல்லழகோ அன்று. நாற்பது ஆண்டு நாணயம். இந்தக் கடைசி அம்சத்தை எந்தப் பேச்சுப் பயிற்சியிலும் கற்றுத்தர முடியாது.

அடுத்து, எவ்வளவு நேரம் என்பது. தொழுகையின் நீளமும் உரையின் சுருக்கமும் ஒருவரது மார்க்க விளக்கத்தின் அடையாளம் என்னும் கருத்தில் அம்மார் (ரலி) வழியாக முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. அது ஜுமுஆ உரையைப் பற்றியது. கேட்கவே வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன் நிகழ்வது. பேருந்துக்கு நிற்பவர் கேட்க வந்தவர் அல்லர். அவருக்கு உரை அதனினும் சுருங்க வேண்டும். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் இக்ரிமாவுக்குச் சொன்ன அறிவுரையும் நினைவுக்கு வந்தது: மக்கள் தம் பேச்சில் ஈடுபட்டிருக்கும்போது குறுக்கிட்டு உபதேசம் செய்து அவர்களைச் சலிப்படையச் செய்யாதே, அவர்கள் விரும்பும்போது பேசு என்பது அதன் சாரம். இதை நேர்ப்பொருளில் எடுத்தால் பேருந்து நிறுத்தத்தில் பேசவே கூடாது. நான் கண்ட வழி இது: மூன்று நிமிடம் மட்டும் பேசுவது, பிறகு அங்கேயே நிற்பது, கேட்பவருக்கு மட்டும் மேற்கொண்டு சொல்வது. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொற்கள். ஆக முந்நூறு சொற்கள். எழுதிப் பார்த்தபோது எண்ணூறு வந்தது. வெட்டிய ஐந்நூறும் எனக்குப் பிடித்த பகுதிகள்.

ஒலிபெருக்கி வேண்டாம் என்றேன். இளைஞர்களுக்கு அதில் வருத்தம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பொது இடத்தில் ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்ற இடங்களைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். அனுமதி கேட்டால் கிடைக்கக்கூடியதுதான். ஆனால் ஒலிபெருக்கி வந்தவுடன், நின்று கேட்க விரும்பாதவருக்கும் தப்பிக்க வழியில்லாமல் போகிறது. வெறுங்குரலில் பேசினால், விரும்பாதவர் பத்தடி தள்ளி நின்றால் போதும். அது அவருடைய உரிமை. ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டே சென்றோம்.

நிற்கும் இடத்தைத் தேர்ந்தது முந்தின வாரம். குரல் பரவாமல் இருக்க முதுகுக்குப் பின்னே சுவர் வேண்டும். மலைக்காற்று எதிரே இருந்து வீசக் கூடாது, வீசினால் சொல் பேசுகிறவன் வாயிலேயே நின்றுவிடும். எல்லாவற்றிலும் முக்கியம், நிற்பவர்கள் சாலையில் இறங்காதபடி நாம் நிற்பது. பாதையில் அமர்வதானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்ற நபிமொழியில் பார்வையைத் தாழ்த்துவதும் பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும் முதலில் வருகின்றன, நன்மையை ஏவுவது அவற்றுக்குப் பின்னரே வருகிறது. அந்த வரிசையை மறந்த ஒரு கூட்டத்தை வேறோர் ஊரில் கண்டிருக்கிறேன். கேட்பவர்கள் பாதிச் சாலையை அடைத்து நிற்க, பேருந்து ஓட்டுநர் ஒலிப்பானை விடாது அழுத்திக்கொண்டிருந்தார்; பேச்சாளரோ பொறுமையின் சிறப்பை விளக்கிக்கொண்டிருந்தார்.

பேசுவதற்கு நான் எடுத்தது ஒரே ஒரு நிகழ்ச்சி. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்தபோது உள்ளே கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. விற்பவரிடம் கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்றார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். முஸ்லிமில் உள்ள ஹதீஸ். மிளகு விற்கும் ஊரில் இதற்கு உரை தேவையில்லை. சாக்குக்குள் முழங்கை வரை கையை விடுவது எங்கள் அன்றாடத் தொழில். காய்ந்த மிளகு விரலிடையே சலசலவென்று உதிரும். ஈர மிளகு குளிர்ந்து, உள்ளங்கையில் ஒட்டும்.

ஆனால் இந்தக் கதையை ஒரு கொள்முதல்காரன் இப்படியே சொல்லி நிறுத்தினால், விவசாயியைக் குற்றம் சாட்ட வந்தவன் ஆவான். ஆகவே வியாபாரியின் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அளவில் குறை செய்வோரைக் கண்டிக்கும் ஓர் அத்தியாயமே குர்ஆனில் உண்டு, எண்பத்து மூன்றாவது. பிறரிடம் வாங்கும்போது நிறைவாக அளந்து, கொடுக்கும்போது குறைப்பவரைப் பற்றியது அது. முதல் நிமிடம் அதற்கு. இரண்டாம் நிமிடம் ஈரத் தானியத்தின் கதைக்கு. மூன்றாவது நிமிடத்தில், கொண்டுபோயிருந்த மின்னணுத் தராசையும் ஐந்து கிலோ எடைக்கல்லையும் முன்னே வைத்து, அவ்வாண்டு முத்திரையைக் காட்டி, யார் வேண்டுமானாலும் எடைக்கல்லை ஏற்றிப் பார்க்கலாம் என்றேன். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும் என்பது பலருக்கும் அன்றுதான் தெரிந்தது. மதம் மாறச் சொல்லவில்லை, துண்டறிக்கை கொடுக்கவில்லை. எங்கள் மார்க்கத்தில் உள்ள ஒரு செய்தி, வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில் உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பதினைந்து பேர் இருக்கலாம். நால்வர் எடைக்கல்லை ஏற்றிப் பார்த்தனர். குடித்திருந்த ஒருவர் ஏதோ சத்தமிட்டார். அவரோடு பேசாமல் விட்டது நல்லதாயிற்று. அதன் பிறகு, தலையில் துண்டு கட்டிய ஒரு முதிய பெண்மணி சாக்கைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டார்:

“பாய், தராசு சரிதான். ஈரம்னு சொல்லி இருபது கிலோவுக்கு ரெண்டு கிலோ கழிக்கிறாங்களே, அந்தக் கணக்கையும் உங்க நபி சொன்னாரா?”

கூட்டம் சிரித்தது. நான் எழுதிப்போன முந்நூறு சொற்களில் இதற்கு விடை இல்லை. ஆனால் தொழிலில் விடை உண்டு. ஈரமானியை எடுத்து அவருடைய மிளகை அளந்தேன். பதினைந்து விழுக்காடு காட்டியது. “அம்மா, உங்க சாக்கு இருபது கிலோன்னு வைங்க. அதுல தண்ணி மூணு கிலோ, காஞ்ச சரக்கு பதினேழு கிலோ. பதினொரு விழுக்காடு ஈரம் இருந்தா நல்ல மிளகுன்னு வாங்குறோம். அப்ப பதினேழு கிலோங்கிறது நூத்துக்கு எண்பத்தொன்பது பங்கு. முழுசாக் கணக்குப் போட்டா பத்தொன்பது கிலோ நூறு கிராம். கழிக்க வேண்டியது தொள்ளாயிரம் கிராம்தான்.” அருகிலிருந்த பள்ளி மாணவன் கைப்பேசியில் பதினேழை 0.89ஆல் வகுத்து, சரி என்றான்.

“அப்ப மிச்சம் ஒரு கிலோ நூறு எங்க போகுது?” என்றார் அவர்.

பேருந்து வந்துவிட்டது. அவர் சாக்கைத் தூக்கி ஏற்றிக்கொண்டு, படியில் நின்றபடியே, அடுத்த வாரம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். உடன் வந்த இளைஞர்கள் அடுத்த பேச்சுக்குத் தலைப்புக் கேட்டார்கள். தலைப்பு அவரிடமே இருக்கிறது என்றேன். அன்று மாலையே சக வியாபாரி ஒருவர், இதையெல்லாம் நடுத்தெருவில் பேசலாமா என்று தொலைபேசியில் கடிந்துகொண்டார். உங்களிடம் ஈரமானி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். கணக்குத் தாளின் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.