விரதம் என்று சொன்னேன்

தெலுக் இந்தானில் இருக்கும் பெரியம்மா, கிளினிக் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மலாய் பேசுவார், படிக்க வராது. அட்டையில் இரண்டு தேதிகள். முதல் தேதிக்குப் பக்கத்தில் 'புவாசா' என்று எழுதியிருந்தது.

"ரத்தம் எடுக்கிறாங்க பெரியம்மா. விரதம் இருந்துட்டுப் போங்க" என்றேன். வானொலியில் தினமும் தமிழ் பேசுகிறவள். அந்த ஒரு சொல்லை யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அன்று காலை அவர் ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் போனார். தாதி கேட்டதும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ரத்தம் எடுக்காமல் வேறு தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் மீது தப்பே இல்லை. வெள்ளிக்கிழமை விரதத்துக்குப் பாலும் பழமும்தானே ஆகாரம்! சரி, 'புவாசா' என்றே சொல்லியிருந்தால்? நோன்பு என்று நினைத்துத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். உடம்பில் நீர் குறைந்தால் ஊசி போட நரம்பு கிடைப்பது சிரமம். இந்தச் சோதனைக்குத் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரையை ஏற்றும் பாலும் பழமும்தான் கூடாது. தாதி கேட்காமல் ரத்தம் எடுத்திருந்தால், அந்தப் பாலின் சர்க்கரையைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கலாம்.

அடுத்த முறை நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணினேன். செவ்வாய் காலை எட்டு மணிக்கு ரத்தம். பத்து மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

"திங்கட்கிழமை ராத்திரி பத்து மணிக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடுங்க. அதுக்கப்புறம் தண்ணி மட்டும். செவ்வாய்க்கிழமை பசியாறாமப் போங்க. ரத்தம் எடுத்த பிறகு பசியாறலாம். ரொட்டி எடுத்துட்டுப் போங்க."

'பசியாறாம' என்றதும் அவருக்குப் பிடிபட்டது. ஆனாலும் கேட்டேன், "காலையில எழுந்ததும் என்ன குடிப்பீங்க?"

"வெறும் கோப்பிதான்மா. பால் ஊத்த மாட்டேன்."

புரிந்ததா என்று மட்டும் கேட்டிருந்தால் "புரிஞ்சுதும்மா" என்றிருப்பார். கோப்பியும் கூடாது, சீனி போடாவிட்டாலும் கூடாது என்று சொன்னேன்.

மாத்திரை விஷயத்தில் நான் மொழிபெயர்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். எதை நிறுத்தி வைப்பது, ரத்த அழுத்த மாத்திரையை எப்போது போடுவது என்று தாதியிடமே கேட்டு, அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். "கை நடுங்கினா, வேர்த்துக் கொட்டினா உடனே சீனித் தண்ணி குடிங்க. ரத்தம் இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்பதையும் சேர்த்தேன்.

இரண்டாவது தேதி டாக்டரைப் பார்க்க. "அன்னைக்குப் பசியாறிட்டே போங்க" என்றேன். இல்லாவிட்டால் அன்றும் பட்டினியாகப் போயிருப்பார்.

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு அழைத்தார். "எடுத்தாச்சும்மா. ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கேன்."