4.5 கிலோவா, 45 கிலோவா?

நம்ம பொதட்டூர்பேட்டையில தறிக்கார வீடுகளுக்குக் கணக்குச் சீட்டு எப்படிப் படிக்கணும்னு ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங் செஞ்சேன்.
பாவு, ஊடை, கூலி எல்லாம் அதுல இருக்கு.
4 நிமிஷம், 90 எம்பி.

இதை அனுப்பறது வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ வழியா. அதுல வீடியோவுக்கு எல்லை 16 எம்பி.

மாமா பையன் 360பி-க்குக் குறைச்சுக் குடுத்தான். சைஸ் சரிதான். ஆனா ஊடை 4.5 கிலோவுல புள்ளி காணோம், 45 கிலோன்னு தெரியுது!
படத்தைச் சுருக்கினா முதல்ல போறது புள்ளியும் மெல்லிசு கோடும்தான்.

அதனால அகலத்துல கையே வைக்கல.
மேல இருக்கற நோட்டிஃபிகேஷன் பட்டியையும் கீழ இருக்கற பட்டன்களையும் வெட்டினேன்.
சீட்டு அசையாம நிக்கறப்போ நொடிக்கு 30 ஃப்ரேம் எதுக்கு? 10 போதும்.
பேச்சு மோனோ.

கணக்கு இதான்: 16 எம்பி-ன்னா 128 மெகாபிட். 240 நொடியால வகுத்தா சுமார் 530 கேபிபிஎஸ். ஆடியோவுக்கு 48, பாதுகாப்புக்குக் கொஞ்சம் விட்டா, படத்துக்கு 450.

```
ffmpeg -i a.mp4 -vf "crop=1080:1500:0:200,fps=10" -c:v libx264 -profile:v main -bf 0 -b:v 450k -c:a aac -ac 1 -b:a 48k b.mp4
```

தறிக்கார வீட்டுல பொறந்துட்டு நூல் கவுண்ட் தெரியாது, பிட்ரேட் கணக்கு மட்டும் தலைகீழா வருது!

அனுப்பறதுக்கு முன்னாடி அம்மாவோட சின்ன போன்ல வீடியோவை நிறுத்தி, புள்ளி தெரியுதான்னு பாத்துட்டேன். தெரியுது.

10 நிமிஷ வீடியோன்னா படத்துக்கு 160 கேபிபிஎஸ்தான் மிஞ்சும். அப்போ ரெண்டா வெட்டுவீங்களா, இல்ல வேற வழி இருக்கா? சொல்லுங்க மக்களே.