வேதியியல் படித்துவிட்டுப் புள்ளியியலுக்குப் போவது

பழைய மாணவர்கள், சொந்தக்காரப் பிள்ளைகள் என்று நாலைந்து பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்: "சார், டிகிரி ஒரு பாடம், எம்.எஸ்சி. வேறு பாடம், முடியுமா?" ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதை விட, என்னிடம் ப்ளஸ் டூ கணிதம் படித்த ஒரு பெண் எப்படிச் செய்தாள் என்று சொல்லிவிடுகிறேன். எழுதச் சம்மதித்தாள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

பி.எஸ்சி. வேதியியல் முடித்து, மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மாத்திரையில் மருந்தின் அளவு மாதம் ஆக ஆக எப்படிக் குறைகிறது என்று அளந்து, கிராஃபில் ஒரு கோடு போடுவார்களாம். அந்தக் கோடு அனுமதித்த அளவுக்குக் கீழே இறங்கும் நாளைக் காலாவதி நாளாக எடுப்பதில்லை. கோட்டுக்குக் கீழே இன்னொரு வளைகோடு, நம்பிக்கை எல்லை, அது முன்னதாகவே இறங்கும். அந்த நாளைத்தான் எடுப்பார்கள். ஏன் என்று கேட்டால் கம்ப்யூட்டர் அப்படித்தான் போடும் என்றார்களாம். அங்கே பிடித்ததுதான் இந்தப் புள்ளியியல் ஆசை. வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து படிக்கிறேன் என்று என்னிடம் வந்தாள். வீட்டில் அவள் சம்பளமும் சேர்ந்துதான் ஓடுகிறது.

வேலையை விடாதே, முதலில் தகுதியைப் பார் என்றேன். பாடம் தெரியாதது ஒரு குறை. விண்ணப்பிக்கத் தகுதி இல்லாதது வேறு குறை. முதலாவதைப் படித்துச் சரிசெய்யலாம். இரண்டாவதை எவ்வளவு படித்தாலும் சரிசெய்ய முடியாது. நுழைவுத்தேர்வில் தேறினால் எந்தப் பாடத்திலும் முதுகலை சேரலாம் என்று யு.ஜி.சி. 2024இல் வழிவகுத்தது உண்மைதான். ஆனால் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைப் பார்க்காமல் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஐ.ஐ.டி.க்கான ஜாம் தேர்விலும் அப்படித்தான். ரேங்க் வந்த பிறகும், கணிதமோ புள்ளியியலோ இத்தனை பருவம் படித்திருக்க வேண்டும் என்று சில படிப்புகளில் நிற்க வைப்பார்கள்.

இவளிடம் இருந்தது அல்லைடு மேத்ஸ் இரண்டு பருவம். மார்க் ஷீட்டையும் அந்த இரண்டு தாளின் சிலபஸையும் சேர்த்து மூன்று துறைத்தலைவர்களுக்கு மெயில் போடச் சொன்னேன். ஒருவர் போதாது என்றார். ஒருவர் பதிலே போடவில்லை. மூன்றாமவர், அல்லைடு தாள் போதும், நுழைவுத்தேர்வு எழுது என்றார். அதன் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தோம்.

திறந்தது பி.எஸ்சி. புத்தகத்தை அல்ல. எம்.எஸ்சி. முதல் பருவத்துப் புத்தகத்தை எடுத்து, எங்கே தடுக்குகிறதோ அங்கிருந்து பின்னால் போனோம். எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கக் கிளம்பினால் ஒரு வருடம் போய்விடும்.

முதல் தடுக்கல் மூன்றாம் நாளே வந்தது. 0 < x < y < 1 என்ற பகுதியில் f(x, y) = 2. இதிலிருந்து y-இன் அடர்த்தியை மட்டும் எடுக்க வேண்டும். x-ஐ 0 முதல் 1 வரை தொகையிட்டாள், விடை 2. தொகையீடு அவளுக்கு நன்றாகவே வரும், கணக்கில் பிழை இல்லை. "இந்த 2-ஐ y-க்கு 0 முதல் 1 வரை தொகையிட்டுப் பாரும்மா" என்றேன். 2 வந்தது. மொத்த நிகழ்தகவு 1ஐத் தாண்டலாமா? அப்போதுதான் படம் வரைந்தாள். பகுதி சதுரம் இல்லை, முக்கோணம். x ஓடுவது 0 முதல் y வரைதான், விடை 2y. அதைத் தொகையிட்டால் சரியாக 1. எல்லைகள் மாறிலியாக இருக்கும் கணக்குகளை மட்டுமே அவள் போட்டிருந்தாள். பகுதியை வரைந்து எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் குறை. அதற்கு ஆறு வாரம் ஆனது.

அடுத்தது அணிகள். 3 × 3 நேர்மாறு கண்ணை மூடிக்கொண்டு போடுவாள், ஆனால் எப்போது நேர்மாறு இருக்காது, ஏன் இருக்காது என்று கேட்டால் மௌனம். அவள் ஆய்வகத்தையே உதாரணமாக்கினேன். தொடர்புப்போக்குக் கணக்கில் ஒரு நெடுவரிசை முழுக்க 1, அடுத்தது வெப்பநிலை செல்சியஸில், அதற்கடுத்தது அதே வெப்பநிலை பாரன்ஹீட்டில். F = 1.8C + 32. மூன்றாவது நெடுவரிசையில் புதுச் செய்தி எதுவும் இல்லை, முதல் இரண்டிலிருந்தே அது கிடைத்துவிடும். அதனால்தான் நேர்மாறு இல்லை. "இதுக்குத்தானா சார் ரேங்க்?" என்றாள்.

இவற்றோடு ஜூலைப் பருவத்தில் என்.பி.டி.இ.எல்.லில் நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் 12 வாரப் பாடங்களாகப் படித்தாள். வீடியோ பார்ப்பது போதாது. வாராவாரம் அசைன்மெண்ட் கொடுத்து, மையத்துக்குப் போய்த் தேர்வும் எழுதினால்தான் சான்றிதழ். விண்ணப்பத்தோடு வைக்க அது உதவும். ஆனால் சிலபஸில் கேட்கும் பருவத் தாளுக்கு அது ஈடாகுமா என்பது அந்தத் துறை சொல்ல வேண்டியது.

நேர்காணலில் வேதியியலை ஏன் விட்டாய் என்று கேட்டார்களாம். விடவில்லை என்று சொல்லி, அந்தக் காலாவதிக் கோட்டை போர்டில் வரைந்தாளாம். இடம் கிடைத்தது. ஜூன் மாதச் சம்பளம் வாங்கிய பிறகுதான் வேலையை விட்டாள். இப்போது முதல் பருவம் நடக்கிறது. அளவையியல் தாள் கஷ்டமாக இருக்கிறதாம், ஞாயிறு தோறும் போன் வருகிறது.

கேட்டவர்கள் உங்கள் மார்க் ஷீட்டையும், சேர விரும்பும் படிப்பின் முதல் பருவ சிலபஸையும் அனுப்புங்கள். கணிதம் என்றால் நான் பார்க்கிறேன்.